‘சுத்தமான தேன்’னு பெயர் வைத்தால் நம்புவார்களா? தேன், வெல்லத்துக்கு பிராண்ட் பெயர் வைக்கும் சிறு உற்பத்தியாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

‘பியூர்’, ‘ஒரிஜினல்’, ‘நேச்சுரல்’, ‘100% சுத்தம்’. கடை ரேக்கில் பத்து தேன் பாட்டில் இருந்தால், பத்திலும் இந்த வார்த்தைகளில் ஒன்றாவது இருக்கும். கலப்படம் செய்பவரும் இதையேதான் அச்சடிக்கிறார், பெட்டி வைத்து தேன் எடுப்பவரும் இதையேதான் அச்சடிக்கிறார். அப்படியென்றால் வாங்குபவர் யாரை நம்புவது?

பெரிய நிறுவனத்துக்கு விளம்பரம் இருக்கிறது. சிறு உற்பத்தியாளர்களிடம் இருப்பது பாட்டிலும் லேபிளும்தான். அதில் முதலில் கண்ணில் படுவது பெயர். அந்தப் பெயர் எப்படி இருந்தால் ‘இது உண்மைதான் போல’ என்று தோன்றும்? சட்டம் எதை அனுமதிக்கிறது? எங்கே சறுக்குகிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

முக்கிய அம்சங்கள்

- தூய்மையைப் பெயரிலேயே சொன்னால் நம்பிக்கை கூடாது, சட்டச் சிக்கல்தான் வரும்.
- வாங்குபவர் சரிபார்க்கக்கூடிய ஒரு தகவலிலிருந்து பெயர் பிறக்க வேண்டும்.
- ஒரு சீசனில் எத்தனை பாட்டில் என்ற கணக்கைச் சொல்வதே வலுவான சாட்சி.

‘சுத்தம்’ என்ற வார்த்தை ஏன் வேலை செய்வதில்லை?

2020 டிசம்பரில், டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தேன் பற்றி ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. 13 பிராண்டுகளைச் சோதித்ததில் 3 மட்டுமே எல்லா சோதனைகளிலும் தேறின என்று அந்த அமைப்பு சொன்னது. சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் இதை மறுத்தன. ஆனால், வழக்கமான சோதனைகளில் சிக்காத சர்க்கரைப் பாகுகள் இருக்கின்றன என்ற விஷயம் அப்போதுதான் சாதாரண மக்கள் காதுக்கு வந்தது.

அதன் பிறகு ‘சுத்தம்’ என்ற சொல்லைப் படிக்கும்போதே சந்தேகமும் சேர்ந்து வருகிறது. வீட்டிலேயே தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையும் பெரிதாக உதவாது. கெட்டியாகக் காய்ச்சிய பாகும் தண்ணீரில் கரையாமல் நேராக அடிக்குத்தான் போகும். ஆக, ‘சுத்தம்’ என்பது வாங்குபவரால் சரிபார்க்கவே முடியாத வார்த்தை. சரிபார்க்க முடியாததை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் நம்பிக்கை வராது.

ஊர், மாதம், எடுத்த ஆள், தேனீயின் வகை, பெட்டிகளின் எண்ணிக்கை ஆகியவை அப்படி இல்லை. போன் போட்டுக் கேட்கலாம், நேரில் போய்ப் பார்க்கலாம். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தும் ஒருவர் சொல்கிறார் என்பதால்தான் அந்தத் தகவலை நம்புகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவு விளம்பரங்களுக்கும் லேபிளில் சொல்லும் வாக்குறுதிகளுக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-ல் தனி விதிமுறை கொண்டு வந்தது. ‘பியூர்’ என்ற சொல்லை யார் பயன்படுத்தலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அது ஒரே பொருளால் ஆன உணவாக இருக்க வேண்டும். வேறு எதுவும் சேர்த்திருக்கக் கூடாது. தவிர்க்கக்கூடிய மாசு எதுவும் இருக்கக் கூடாது. எனவே, நல்ல தேனை விற்பவர் லேபிளின் விளக்கப் பகுதியில் ‘பியூர்’ என்று எழுத வழி இருக்கிறது.

அதே சொல்லை பிராண்ட் பெயருக்குள் கொண்டு வரும்போதுதான் சிக்கல். ‘நேச்சுரல்’, ‘ஃப்ரெஷ்’, ‘பியூர்’, ‘ஒரிஜினல்’, ‘ட்ரெடிஷனல்’, ‘ரியல்’ மாதிரியான சொற்கள் பிராண்ட் பெயரில் இருந்து, அது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்றால், லேபிளில் ஓர் அறிவிப்பு போட வேண்டும். ‘இது வெறும் பிராண்ட் பெயர் அல்லது வணிகக் குறி மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது’ என்பதுதான் அந்த அறிவிப்பின் பொருள். எழுத்து குறைந்தது 3 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். சின்ன பாக்கெட்டுக்கு 1.5 மில்லிமீட்டர் போதும்.

யோசித்துப் பாருங்கள். மேலே ‘பியூர்’ என்று பெயர், கீழே ‘இந்தப் பெயரை உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்’ என்று ஓர் அறிவிப்பு. இதைவிட ஒரு பிராண்டுக்கு வேறு கெடுதல் வேண்டாம்.

‘100%’ என்ற சொல்லுக்கும் இப்போது கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. உணவுச் சட்டத்தில் அதற்கு விளக்கமே இல்லை, அதனால் லேபிளிலும் விளம்பரத்திலும் தவிர்க்க வேண்டும் என்று 2025 மே மாதம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அறிவுறுத்தியது. ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’, ‘சளிக்கு மருந்து’ என்று நோயைத் தீர்ப்பதாகச் சொல்வதும் கூடாது. பெயரில் மறைமுகமாகச் சொன்னாலும் அதே சிக்கல்தான்.

ஓர் உதாரணம்: குமரி மாவட்டத்து ரப்பர் தேன்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பு பல குடும்பங்களின் தொழில். அங்கே 14 பேர் சேர்ந்து ஒரு குழுவாகத் தேன் விற்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குழு கற்பனை, தொழில் நிஜம்.

முதலில் இவர்கள் விற்பது என்ன தேன்? குமரியில் எடுக்கும் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்தத் தேன் ரப்பர் மரத்தின் பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்த்த மரம் மறுபடி துளிர்க்கும்போது, இளம் இலையின் காம்பு நுனியில் இருக்கும் சுரப்பிகளில் இனிப்பான நீர் ஊறும். தேனீக்கள் எடுத்துக்கொண்டு போவது அதைத்தான். தை தொடங்கி பங்குனி வரைக்கும்தான் முக்கிய சீசன்.

இதைத் தெரிந்துகொண்டு, குழு யோசித்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘வனத்தேன்’: கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரப்பர் தோட்டம் வனம் இல்லை. காட்டில் மலைத்தேனீ கட்டும் தேனடையிலிருந்து எடுப்பது வேறு, பெட்டியில் இந்தியத் தேனீயை வளர்த்து எடுப்பது வேறு. பாட்டிலில் இருப்பது நல்ல தேன்தான் என்றாலும், பெயர் பொய் சொல்கிறது. விஷயம் தெரிந்த ஒருவர் கேட்டால் பதில் இருக்காது.

‘மலர்த்தேன்’: லேபிளில் பெரிய பூ படத்தோடு வரும் பெயர். இங்கே பூவே கிடையாது என்பதால் இதுவும் அடிபட்டுப் போகிறது.

‘மார்த்தாண்டம் தேன்’: ஊர்ப் பெயர், உண்மை, சரிபார்க்கவும் முடியும். ஆனால் இது புவிசார் குறியீடு பெற்ற பெயர். அப்படிப்பட்ட பெயரை யாரும் தனி ஆளாகவோ தனிக் குழுவாகவோ தங்கள் வணிகக் குறியாகப் பதிவு செய்ய முடியாது. அந்த வட்டாரத்தில் உற்பத்தி செய்பவர்கள் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ எனப் பதிவு செய்துகொண்டு குறியீட்டைப் பயன்படுத்தலாம். ஊர் பெயர் எல்லோருக்கும் பொது, பிராண்ட் பெயர் உங்களுக்கு மட்டும். இரண்டையும் குழப்பக் கூடாது.

‘பதினாலு வீட்டுத் தேன்’: இது நல்ல யோசனை. 14 குடும்பம், 14 பெயர், போய்ப் பார்க்கலாம். ஆனால் அடுத்த வருடம் இருவர் விலகி ஐந்து பேர் சேர்ந்தால்? பெயர் பொய்யாகிவிடும். மாறக்கூடிய எண்ணைப் பெயரில் வைக்காமல், லேபிளின் பின்பக்கம் எழுதுவது நல்லது.

‘மாசித்தேன்’: மாசி மாதத்தில் எடுப்பதால் பொருத்தமாகத் தெரியும். ஆனால் கடலோர மாவட்டத்தில் ‘மாசி’ என்றதும் மாசிக் கருவாடு ஞாபகம் வரும். தேன் பாட்டிலுக்கு அந்த வாசனை வேண்டாமே! பெயரை முடிவு செய்வதற்கு முன் பத்து பேரிடம் போனில் சொல்லி, ‘என்ன ஞாபகம் வருது?’ என்று கேட்டுவிடுங்கள்.

‘தளிர்’: ரப்பரின் இளம் இலையிலிருந்து வரும் தேனுக்கு ‘தளிர்’. பெயரில் தூய்மை பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ‘தேனுக்கு ஏன் தளிர்னு பேரு?’ என்று வாங்குபவர் கேட்பார். அதற்கான பதிலில் மரம், சீசன், ஊர் எல்லாம் வந்துவிடும். அந்தத் தேனை எடுத்தவருக்குத்தான் இப்படிப் பதில் சொல்லத் தெரியும். பாகு கலந்து விற்பவருக்கு இப்படி ஒரு பெயர் தோன்றவே வாய்ப்பு குறைவு.

குழு ‘தளிர்’ என்று முடிவு செய்கிறது. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை.

பெயருக்குக் கீழே என்ன எழுத வேண்டும்?

பிராண்ட் பெயர் ஒன்று, உணவின் பெயர் வேறு. ‘தளிர்’ என்று மட்டும் போட்டால் போதாது. ‘தேன்’ என்று தனியாக இருக்க வேண்டும். கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் கூடுதலாக இருக்கலாம். தமிழில் மட்டும் லேபிள் அடித்துவிட்டு பிறகு மாட்டிக்கொள்ளும் குழுக்களுக்கு இது முக்கியம்.

‘ரப்பர் தேன்’ என்று எழுதலாமா? இங்கே கவனம் தேவை. ஒரே செடியின் பெயரைச் சொல்லி தேன் விற்றால், அதில் உள்ள மகரந்தத்தில் குறைந்தது 45 சதவீதம் அந்தச் செடியுடையதாக இருக்க வேண்டும் என்று தர விதி எதிர்பார்க்கிறது. பூவே இல்லாமல் வரும் தேனில் ரப்பர் மகரந்தம் அவ்வளவு கிடைப்பது கஷ்டம். அதனால் உணவின் பெயரை ‘தேன்’ என்று வைத்துக்கொண்டு, விளக்கத்தில் ‘ரப்பர் தோட்டங்களில் வைத்த பெட்டிகளில் எடுத்தது’ என்று எழுதுவது பாதுகாப்பான வழி. பெட்டி எங்கே இருந்தது என்பது உண்மை, அதை யாரும் பார்க்கலாம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் லேபிள் மாதிரியைக் காட்டிவிடுவது நல்லது.

இன்னொரு வரியும் அவசியம். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும் குணம் கொண்டது. பாட்டிலின் அடியில் வெள்ளையாக உறைந்ததைப் பார்த்ததும், ‘சீனி கலந்திருக்காங்க’ என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நேர்மையான பிராண்டுகள் இந்த இடத்தில்தான் பெயரை இழக்கின்றன. ‘இந்தத் தேன் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதே உறைதல் சாட்சியாக மாறிவிடும். நடப்பதற்கு முன்னே சொன்னால் அது தகவல். நடந்த பிறகு சொன்னால் சமாளிப்பு.

யாரும் சொல்லாத சாட்சி: பாட்டில் கணக்கு

இப்போது கொஞ்சம் கணக்கு போடலாம். 14 பேர், ஆளுக்கு 25 பெட்டி என்றால் 350 பெட்டி. ஒரு பெட்டிக்கு சீசனில் 8 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,800 கிலோ. அரை கிலோ பாட்டிலில் அடைத்தால் 5,600 பாட்டில். அவ்வளவுதான் இருக்க முடியும்.

இந்த எண்ணை லேபிளிலேயே போடலாம்: ‘இந்த ஆண்டு மொத்தம் 5,600 பாட்டில்’. ‘சுத்தம்’ என்று நூறு முறை எழுதுவதைவிட இந்த ஒரு வரி நம்ப வைக்கும். அளவில்லாமல் வரும் தேனைத்தானே சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஆடி மாதம் சரக்கு தீர்ந்துவிடும். தீபாவளிக்கு பெரிய ஆர்டர் வரும். ‘வெளியே ஒரு வியாபாரிகிட்ட 500 கிலோ வாங்கி நம்ம லேபிள் ஒட்டிடலாமா?’ என்று குழுவில் ஒருவர் கேட்பார். பல சிறு பிராண்டுகள் விழுவது இந்தக் கேள்வியில்தான். வெளியிலிருந்து வாங்கிய தேன் நல்ல தேனாகவே இருக்கலாம். ஆனால் அது தளிர் இல்லை. ‘சரக்கு தீர்ந்தது, அடுத்து மாசியில்’ என்று சொல்லும் பிராண்டைத்தான் வாங்குபவர் அடுத்த வருடம் தேடி வருவார்.

வேறு சீசனில் வேறு தோட்டத்துத் தேன் கிடைத்தால்? அதை ‘தளிர்’ என்ற பெயரில் விற்காமல், தனிப் பெயரும் தனி லேபிளும் கொடுத்துவிடலாம். வேண்டுமானால் குழுவின் பெயர் இரண்டிலும் பொதுவாக இருக்கட்டும்.

தொகுதி எண்ணும் ஆய்வக அறிக்கையும்

‘எங்கள் தேன் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது’ என்று எழுதுவதில் பயனில்லை. எந்தத் தேன்? எப்போது? 14 பேரின் தேனையும் ஒரே தொட்டியில் கலந்து அடைத்தால் அது ஒரு தொகுதி. அந்தத் தொகுதியிலிருந்து மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, அறிக்கையைத் தொகுதி எண்ணோடு இணையத்தில் போடுங்கள். லேபிளில் க்யூஆர் குறியீடு இருந்தால் போனிலேயே திறந்து பார்த்துவிடுவார்கள்.

அறிக்கையில் சாதாரண வாசகர் முதலில் பார்க்க வேண்டியது ஈரப்பதம். 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது தர விதி. அடையில் மெழுகு மூடி போடுவதற்கு முன்பே அவசரப்பட்டு எடுத்தால் ஈரப்பதம் கூடிவிடும். பிறகு தேன் புளித்து நுரைக்கும், மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று சத்தம் வரும். எதுவும் கலக்காத தேன்தான், ஆனால் வாங்கியவர் அப்படி நம்ப மாட்டார். பெயர் காப்பாற்றப்படுவது அறுவடை நாளிலும்தான் என்பதைக் குழு மறக்கக் கூடாது.

வெல்லத்துக்கும் இதே வழிதானா?

அடிப்படை ஒன்றுதான். ஆனால் வெல்லத்தில் சிக்கல் நிறத்தில் இருக்கிறது. பளிச்சென்ற மஞ்சள் வெல்லம்தான் நல்ல வெல்லம் என்று சந்தை பழகிவிட்டது. அந்த நிறத்துக்காகவே காய்ச்சும்போது ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் வெளுக்கும் ரசாயனத்தைப் போடுகிறார்கள். கலர் பொடி, அஸ்கா சர்க்கரை கலப்பதும் உண்டு. ரசாயனம் போடாமல் காய்ச்சிய வெல்லம் பெரும்பாலும் பழுப்பாகத்தான் இருக்கும்.

இந்த நிலையில் ஒருவர் ‘தங்கம்’, ‘கோல்டு’, ‘பொன்னி’ என்று வெல்லத்துக்குப் பெயர் வைத்தால் என்ன ஆகும்? பெயரே மஞ்சள் நிறத்தை வாக்குக் கொடுத்துவிடுகிறது. பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே பழுப்பு. நல்லதை விற்றும் ஏமாற்றியவர் போல ஆகிவிடுவார். பெயர் நிறத்தோடு ஒத்துப் போக வேண்டும்.

‘எதுவும் சேர்க்காதது’ என்ற வரியிலும் கவனம் வேண்டும். கொதிக்கும் கரும்புச் சாற்றில் அழுக்கை ஒதுக்க சுண்ணாம்பு போடுவது ஆலைகளில் சாதாரணம். சிலர் வெண்டைச் செடியின் கொழகொழப்பான சாற்றை ஊற்றுவார்கள். இதெல்லாம் காலங்காலமாக இருக்கும் முறைகள்தான். ஆனால் சுண்ணாம்பு போட்டுவிட்டு ‘எதுவும் சேர்க்கவில்லை’ என்றால் அது பொய். ‘அழுக்கு எடுக்க சுண்ணாம்பும் வெண்டைச் சாறும் பயன்படுத்துகிறோம்’ என்று எழுதிப் பாருங்கள். சேர்த்ததைச் சொல்பவரைத்தான், சேர்க்காததைப் பற்றியும் நம்புவார்கள்.

ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்து கொள்முதல் நடக்கிறது என்ற ஒரு தகவலே அந்த ஊர்ப் பெயரைத் தாங்குகிறது. அதற்காக, கவுந்தப்பாடியில் காய்ச்சாத சர்க்கரைக்கு அந்தப் பெயரை ஒட்டக் கூடாது. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடி கருப்பட்டிக்கும் இது பொருந்தும். பதநீரில் சீனி கலந்து காய்ச்சியதை ‘உடன்குடி’ என்று விற்பவர்களால்தான், நிஜமாகவே அங்கே பனை ஏறி இறக்குபவரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்.

பெயரைப் பதிவு செய்வது எப்படி?

முதலில் ipindia.gov.in தளத்தில் வணிகக் குறித் தேடல் பகுதிக்குப் போங்கள். தேனும் வெல்லமும் 30-ம் வகுப்பில் வரும். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் போதாது. ‘தளிர்’ என்பதை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதலாம் இல்லையா? எல்லாவற்றையும் தேடுங்கள். ஒலி ஒற்றுமைத் தேடலும் அங்கே உண்டு. இனிமையான சின்னச் சொற்களை வேறு யாராவது ஏற்கனவே எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால், ‘தளிரூற்று’ போல இன்னொரு சொல்லைச் சேர்த்துப் பார்க்கலாம்.

பொருளின் தரத்தையோ வகையையோ மட்டும் சொல்லும் பெயர்களை வணிகக் குறிச் சட்டத்தின் 9-வது பிரிவு ஏற்பதில்லை. ‘சுத்தத் தேன்’, ‘நல்ல வெல்லம்’ எல்லாம் இதில் அடிபடும். யாரும் சொந்தம் கொண்டாட முடியாத பெயர் என்பதால், நாளைக்குப் பக்கத்துக் கடைக்காரர் அதே பெயரில் விற்றாலும் தடுப்பது கஷ்டம்.

இணையம் வழியாக விண்ணப்பிக்க தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய் கட்டணம். சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் சான்றிதழ் வேண்டும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பித்த நிலையில் ™ போடலாம். ® குறியைப் பதிவு கிடைத்த பிறகுதான் போட வேண்டும். முன்கூட்டியே போடுவது குற்றம்.

வாங்குபவர்களுக்கு

அடுத்த முறை தேனோ வெல்லமோ வாங்கும்போது முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், தொகுதி எண், எடுத்த ஊர், எடுத்த மாதம் இருக்கிறதா? அதில் இருக்கும் போன் நம்பருக்கு அழைத்து, ‘இந்தத் தேன் எந்த மரத்துல இருந்து வருது? எப்ப எடுத்தீங்க?’ என்று கேளுங்கள். எடுத்தவர் என்றால் உடனே பதில் வரும். ‘சுத்தமான தேன்தாங்க’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னால், பாட்டிலை ரேக்கிலேயே வைத்துவிடலாம்.